கருப்புப் பட்டையை வெட்டிய பிறகுதான் அப்ஸ்கேலுக்கு: இரண்டு வருட அனுபவம்

வீட்டிலிருக்கும் பழைய வீடியோக்களைப் பெரிதாக்கும் வேலையில் இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் டிவிடியிலிருந்து எடுத்த கோப்பை அப்படியே அப்ஸ்கேலரிடம் கொடுத்தேன். வந்ததைப் பார்த்து மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதித் தவறு என்னுடையது என்பதைப் புரிய வைத்தது சித்தியின் கல்யாண டிவிடி.

2004இல் டேப்பில் எடுத்த கல்யாணம். எடிட்டிங்கில் சினிமா மாதிரி இருக்கட்டும் என்று மேலும் கீழும் கருப்புப் பட்டை வைத்துக் கொடுத்திருந்தார்கள். டிவிடி ஃப்ரேம் 720×576. அதில் மேலே 72 வரி, கீழே 72 வரி பட்டை. டேப்பிலிருந்து வந்த படம் என்பதால் இடமும் வலமும் எட்டெட்டு பிக்சல் கருப்பு. உண்மையான படம் 704×432 மட்டுமே, மற்றதெல்லாம் வெறும் கருப்பு.

இதை வெட்டாமல் கொடுத்தால் என்ன ஆகும்? பட்டையும் படமும் சேரும் கோடுதான் அந்த ஃப்ரேமிலேயே கூர்மையான கோடு. அப்ஸ்கேலர் அதைப் பார்த்ததும் முக்கியமான விளிம்பு என்று நினைத்து இன்னும் கூர்மையாக்கும். எனக்கு மணமேடைத் தோரணத்தின் மேல் ஒரு வெள்ளை இழை கடைசிவரை ஓடியது. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். லெவல் விஷயத்தில்தான் பட்டை என்னை நன்றாக ஏமாற்றியது.

படம் முழுக்க ஒரு சாம்பல் மூட்டம். சரி, கருப்பு அளவு மேலே ஏறியிருக்கிறது என்று அளந்து பார்த்தேன். வீடியோவில் கருப்பு என்றால் 16, வெள்ளை என்றால் 235. அளவீடு கருப்பு சரியாக 16இல் இருப்பதாகச் சொன்னது. அது பட்டையின் கருப்பு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அளவீட்டில் YLOW என்று ஒரு எண் வரும். ஃப்ரேமின் இருண்ட பத்து சதவீதம் எந்த மதிப்புக்குக் கீழே இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. மேல்கீழ்ப் பட்டைகள் மட்டுமே ஃப்ரேமில் கால்வாசி. அப்படியிருக்க அந்த எண் படத்தைப் பற்றி எப்படிப் பேசும்? பட்டையை வெட்டிவிட்டு மறுபடி அளந்தேன். மாப்பிள்ளையின் தலைமுடிதான் படத்திலேயே கருப்பான இடம், அது 33. வேட்டியின் வெள்ளை 227. மூட்டத்துக்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் டீஇன்டர்லேஸ், அடுத்து வெட்டு, பிறகு அளவீடு, அப்புறம் லெவல், கடைசியில்தான் அப்ஸ்கேல். வெட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க இது போதும்:

```
ffmpeg -ss 600 -t 20 -i kalyanam.mpg -vf "bwdif,cropdetect=limit=24:round=2" -f null -
```

திரையில் `crop=704:432:8:72` என்று வரும். ஒரே இடத்தில் ஓட்டிவிட்டு நம்பக்கூடாது. இருட்டுக் காட்சியில் ஓட்டினால் படத்தின் ஓரத்தையும் பட்டை என்று எண்ணி அதிகமாக வெட்டச் சொல்லும். முகூர்த்தம், பந்தி, வரவேற்பு என்று நாலைந்து இடத்தில் ஓட்டி, வந்தவற்றில் பெரிய படத்தைத் தரும் எண்ணை எடுத்துக்கொள்வேன். அதிலும் மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி உள்ளே தள்ளி வெட்டுவேன். பட்டையை ஒட்டிய வரி பாதிக் கருப்பாக இருக்கும், அதை விட்டுவைத்தால் அந்த வெள்ளை இழை திரும்ப வந்துவிடும்.

அளப்பதற்கு, வெட்டியபின் signalstats:

```
ffmpeg -ss 600 -t 20 -i kalyanam.mpg -vf "bwdif,crop=704:428:8:74,signalstats,metadata=print:file=-" -f null -
```

YMIN, YMAX இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டேப் இரைச்சலில் ஒரே ஒரு பிக்சல் துள்ளினாலும் அவை மாறிவிடும். YLOW, YHIGH எண்களைப் பார்த்துவிட்டு, படத்தில் கருப்பாகவே இருந்திருக்க வேண்டிய ஒரு பொருளைத் தேடிப்பிடித்து ஒப்பிடுவேன். கல்யாண வீடியோவில் தலைமுடி இருக்கவே இருக்கிறது. கிடைத்த எண்ணைப் போட்டு நீட்டுவது இப்படி:

```
bwdif,crop=704:428:8:74,format=yuv420p10le,
lutyuv=y='clip((val-132)*876/(908-132)+64,64,940)':
u='(val-512)*1.12+512':v='(val-512)*1.12+512'
```

மூன்றையும் ஒரே வரியாகச் சேர்த்து `-vf` பின்னால் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். 132 என்பது 33இன் நான்கு மடங்கு, 908 என்பது 227இன் நான்கு மடங்கு. 10 பிட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் நீட்டுகிறேன். 8 பிட்டிலேயே நீட்டினால் பின்னாலிருக்கும் திரைச்சீலையில் படிப்படியாகக் கோடு விழும், அப்ஸ்கேலர் அதையும் விவரம் என்று நம்பி வரைந்துவிடும். நிறத்தை 1.12 ஏற்றியதற்குக் காரணம், வெளிச்சத்தை மட்டும் நீட்டினால் குங்குமம் வெளுத்துப் போகிறது.

ஆட்டோ லெவல் வைத்தும் பார்த்தேன். கல்யாண வீடியோவில் அது சரிப்படாது. போட்டோகிராஃபர் ஃப்ளாஷ் அடிக்கும்போதெல்லாம் மண்டபமே மூச்சு வாங்குவது போல இருண்டு வெளுத்தது. மண்டபத்துக்குள் ஒரு எண், வெளியே ஊர்வலத்துக்கு ஒரு எண் என்று கையால் வைப்பதே நல்லது.

பலன்? முடியில் இழை தெரிகிறது. முன்பு மூட்டத்தோடு கொடுத்தபோது அப்ஸ்கேலர் அந்த இடத்தை இரைச்சல் என்று வழித்து மெழுகாக்கியிருந்தது. நேரமும் மிச்சம். ஃப்ரேமில் கால்வாசிக்கு மேல் குறைந்ததால், என் பழைய கிராஃபிக்ஸ் கார்டில் இருபது மணி நேரம் ஓடியது பதினைந்துக்குள் முடிந்தது. அளவும் கச்சிதம்: டிவிடி பிக்சல் சதுரமில்லை என்பதால் 704 அகலம் சரியான விகிதத்தில் 768 ஆகிறது, இரண்டரை மடங்கில் 1920×1070. பாக்கிப் பத்து வரியை டிவியே கருப்பால் நிரப்பிக்கொள்ளும்.

எல்லா இடத்திலும் பட்டை பொய் சொல்லும் என்று நினைக்க வேண்டாம். மாமா வீட்டில் டிவியிலிருந்து விஎச்எஸ் டேப்பில் பதிந்த ஒரு படம் இருந்தது. அதில் பட்டை ஒளிபரப்பிலேயே வந்தது, படம் போன அதே டேப் வழியாகத்தான் பட்டையும் வந்திருக்கிறது. அதன் மதிப்பு 16 இல்லை, 29ஐச் சுற்றி இரைச்சலோடு ஆடியது. cropdetect பட்டை எதுவும் இல்லை என்றது, limit எண்ணை 40க்கு ஏற்றிய பிறகுதான் கண்டுபிடித்தது. அந்த 29 தங்கமான தகவல்: டேப்பும் கேப்சர் கார்டும் சேர்ந்து கருப்பை எவ்வளவு ஏற்றின என்பதற்கு அதுவே சாட்சி. அந்த மாதிரி டேப்பில் வெட்டும் முன் பட்டையை அளந்து, அதையே கருப்பு எண்ணாக வைத்துக்கொள்கிறேன். எடிட்டிங்கில் வைத்த பட்டை என்றால் துல்லியமாக 16இல் அசையாமல் நிற்கும், அதை நம்புவதில்லை.

ஒரு சொதப்பலும் உண்டு. சித்தியின் டிவிடியில் முதல் இரண்டு நிமிடம் மணமக்கள் பெயரும் தேதியும் கீழ்ப் பட்டையில்தான் ஓடுகிறது. நான் அளந்தது எல்லாம் பத்தாவது நிமிடத்துக்கு அப்புறம். முடித்துக் கொடுத்த அன்று பார்த்துவிட்டு, "எல்லாம் பளிச்சுன்னு இருக்குடா, எங்க பேரு எங்க போச்சு?" என்றார் சித்தி. அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் பட்டையோடு தனியாக ஓட்டி முன்னால் ஒட்டிக் கொடுத்தேன்.