₹6,300 வெங்காயமும் ஒரு பச்சை டிக்கும்: இணையம் சரியாக இல்லாத ஊரில் விற்பவர்கள் படிக்கவும்

செட்டிகுளம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பட்டறையில் வைத்திருக்கும் சின்ன வெங்காயத்தைக் கிலோ 48 ரூபாய்க்கு வியாபாரியிடம் கொடுப்பதற்குப் பதிலாக, தாள் நீக்கித் தரம் பிரித்து, எக்ஸ்எல் வண்டியில் ஏற்றிப் பெரம்பலூரில் கிலோ 70 ரூபாய்க்கு நானே கொண்டுபோய் விற்பதை நான்கு மாதமாகச் செய்துவருகிறேன். வீட்டுக்குள் இணையம் வராது என்பதால், காலையில் மேல்நிலைத் தொட்டியடியில் நின்றுதான் வெங்காயப் படங்களை ஏற்றுவேன். விளைபொருளை நேரடியாக விற்பதற்கென்று இருக்கும் ஒரு செயலியில் போட்டிருந்த அப்படிப்பட்ட படம் ஒன்றைப் பார்த்துத்தான் அந்த ஆள் அழைத்தார். கல்யாணச் சமையல் எடுத்துச் செய்வதாகச் சொன்னார்.

முதல் முறை 20 கிலோ கேட்டார். கொண்டுபோனதும் ஒன்றை நசுக்கிப் பார்த்து, "ஈரம் இல்லாம காயவெச்சிருக்கீங்கண்ணே" என்று சொல்லி, 1,400 ரூபாயை ரொக்கமாகக் கையில் கொடுத்தார். நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான் என்று இப்போது தெரிகிறது, ஏனென்றால் வெங்காயம் தெரிந்த ஆள் ஏமாற்ற மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு நாள் கழித்து 90 கிலோ கேட்டபோது அவர் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. சந்தையில் பேரம் பேசாமல் வாங்குகிறவரை நான் பார்த்ததே இல்லை, அதுவும் அன்றைக்கு உறைக்கவில்லை.

கடந்த திங்கட்கிழமை, முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை என்று 90 கிலோவையும் கட்டிக்கொண்டு அவர் சொன்ன மண்டபத்துக்குப் போனேன். வாசலிலேயே ஒரு குட்டியானை வண்டி நின்றது. இறக்கி ஏற்றி முடித்தபின் என் க்யூஆர் அட்டையைத் தன் போனில் ஸ்கேன் செய்வதுபோலச் செய்து, 6,300 ரூபாய், என் பெயர், பெரிய பச்சை டிக் எல்லாம் தெரிகிற திரையைக் காட்டினார். என் போனில் மெசேஜ் வரவில்லை என்றேன். "உங்க நெட்டு ஸ்லோண்ணே, ஊருக்குப் போறதுக்குள்ள வந்துடும்" என்றார். எங்கள் ஊரில் எதுவுமே தாமதமாகத்தான் வரும் என்பது எனக்குப் பழகிப்போனதால், அந்தப் பதிலை அவரைவிட நான் வேகமாக நம்பினேன்.

வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு இணையமே தேவையில்லை. போன் பேச முடிகிற இடத்தில் அதுவும் வந்துவிட வேண்டும், எப்போதாவது சிறிது தாமதமாகலாம், அவ்வளவுதான். மண்டப வாசலில் நின்று வீட்டுக்குப் போன் பேசிய நான், "நெட்டு ஸ்லோ" என்ற பேச்சைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று மாலை அழைத்தபோது "ப்ராசஸிங்ல இருக்குண்ணே" என்றார், மறுநாள் "24 மணி நேரம் ஆகும்" என்றார், புதன்கிழமை "உங்க பேங்க்ல கேளுங்க" என்றார், அதன்பின் எண்ணே அணைந்துவிட்டது. வங்கியில் பரிவர்த்தனை எண் கேட்டார்கள். அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணை நான் படம்கூட எடுத்து வைக்கவில்லை, எடுத்திருந்தாலும் அது போலித் திரையின் எண்ணாகத்தான் இருந்திருக்கும். மண்டபத்தில் அப்படி ஒரு சமையல்காரரே இல்லை என்றார்கள். செயலியின் உதவி எண்ணில் ஒரு பெண், "நாங்கள் இரு தரப்பையும் இணைத்துவிடுவது மட்டும்தான் சார்" என்று மூன்று முறையும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். பதிவுக் கட்டணம் வாங்கும்போது இந்த வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்தபோதுதான் எந்தக் கணக்கிலிருந்தும் பணம் நகரவே இல்லாததால் முடக்குவதற்கு ஒன்றுமில்லை என்பது புரிந்தது. காவல் நிலையத்தில் மனு ரசீது மட்டும் கொடுத்திருக்கிறார்கள். கிலோவுக்கு 22 ரூபாய் கூடுதலாக, மொத்தம் 1,980 ரூபாய்க்கு ஆசைப்பட்டு, 6,300 ரூபாய்ச் சரக்கை இழந்து நிற்கிறேன்.

விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. வாங்குகிறவர் காட்டும் திரையைப் பார்க்காதீர்கள், உங்கள் கணக்கைப் பாருங்கள். இணையம் இல்லாவிட்டாலும் வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99# அழுத்தி இருப்பைப் பார்க்கலாம், பல வங்கிகளில் மிஸ்டு கால் கொடுத்தாலும் இருப்பு எஸ்எம்எஸ்ஸில் வரும். இரண்டுக்கும் சாதாரண சிக்னல் போதும். மூட்டையை இறக்குவதற்கு முன்பே ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால்தான் பணம் ஏறியதா என்று ஒப்பிட முடியும். வங்கி பெயரில் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் மெசேஜை நம்ப வேண்டாம். உங்களுக்குப் பணம் வருவதற்கு உங்கள் ரகசிய பின் நம்பரைப் போடச் சொன்னால் அங்கேயே வண்டியைத் திருப்புங்கள்.

பெரம்பலூர், துறையூர் பக்கம் உங்களிடம் யாராவது மண்டப வாசலில் குட்டியானையோடு நின்று, பேரம் பேசாமல் மூட்டைக்கணக்கில் வெங்காயம் கேட்டால், தயவுசெய்து எனக்கு ஒரு போன் போடுங்கள்.