பெரியப்பா நோட்டு: மூன்று விதத் திருத்தம்

பெரியப்பா கிராமக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு இரண்டு நீள நோட்டில் தன் கதையை எழுதி வைத்தார். அதை ஸ்கேன் எடுத்து, கும்பகோணத்தில் ஒரு டிடிபி கடையில் டைப் அடிக்கக் கொடுத்தோம். வந்த ஃபைலை எப்படித் திருத்துவது என்பதில்தான் வீட்டில் மூன்று கட்சி.

ஒரே ஒரு வரியை வைத்துப் பார்ப்போம். நோட்டில் இருப்பது:

"நந்தன ௵ கார்த்திகை ௴ புயலில் ஆத்துக்கறை ஒடைஞ்சு ஏழு மா நிலம் மண்ணடிச்சுப் போச்சு. ௸ நிலத்தை அப்பாயி தான் மீட்டது."

டைப் ஆகி வந்தது:

"நந்தன வரு கார்த்திகை மீ புயலில் ஆத்துக்கறை ஒடைஞ்சு ஏழு மாநிலம் மண்ணடிச்சுப் போச்சு. ஷ நிலத்தை அப்பாவி தான் மீட்டது."

ஏழு மாநிலத்தில் மண்ணடித்த புயல்! அடித்த பையனைக் குறை சொல்ல முடியாது. வேலி, மா, குழி என்ற பழைய நில அளவெல்லாம் அவன் காதில் விழுந்தே இருக்காது.

தம்பி கட்சி, எல்லாவற்றையும் இன்றைய தமிழாக்கிவிடலாம் என்பது: "1952 புயலில் ஆற்றங்கரை உடைந்து இரண்டேகால் ஏக்கர் நிலம் மணல் மேவிப் போனது. அதைப் பாட்டிதான் மீட்டார்." வேகமான வேலை, பேரப்பிள்ளைகள் தடங்கலில்லாமல் படிப்பார்கள். வருஷமும் சரிதான். நந்தன என்பது 1952 ஏப்ரலில் பிறந்த வருஷம். அந்த நவம்பர் கடைசியில்தான் நாகப்பட்டினம் பக்கம் பெரும் புயல் கரையேறியது. ஆனால் எந்தப் பாட்டி? நோட்டு முழுக்க அப்பாயியும் அம்மாயியும் மாறி மாறி வருகிறார்கள். இரண்டு பேரையும் 'பாட்டி' ஆக்கினால் நிலத்தை மீட்டது அப்பாவின் அம்மாவா, அம்மாவின் அம்மாவா என்பதே போய்விடும். எங்கள் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. ஏக்கர் கணக்கும் அப்படித்தான். இருபது மா ஒரு வேலி, ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். ஏழு மா இரண்டேகாலைக் கொஞ்சம் தாண்டும். பெரியப்பா துல்லியமாகச் சொன்னதை நாம் தோராயமாக்கிவிடுகிறோம்.

சித்தப்பா கட்சி, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும் என்பது. பழைய துதிக்கை 'லை'யும் சுழித்த 'னா'வும்கூட மாறக் கூடாதாம். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய அந்த வடிவங்களுக்கு யூனிகோடில் தனி எழுத்து கிடையாது. 'லை' எப்படி அடித்தாலும் அதே 'லை'தான், பழைய உருவம் வேண்டுமென்றால் அதற்கான எழுத்துரு தேட வேண்டும். ஆக, அதில் காப்பாற்ற ஒன்றும் இல்லை, உருவத்தை ஸ்கேன் காட்டிவிடும். இந்த வழியில் எனக்குப் பெரிய சங்கடம் வேறு. 'கறை' என்று இருந்தால் அது பெரியப்பா பிழையா, டைப் பிழையா என்று படிக்கிறவருக்குத் தெரியாது.

நான் பிடித்தது நடுவழி. டைப் பிழையை ஸ்கேனைப் பார்த்துச் சத்தமில்லாமல் திருத்திவிட வேண்டும். பெரியப்பாவின் 'ஒடைஞ்சு', 'போச்சு', 'ஆத்து' அப்படியே நிற்கும். அர்த்தம் மாறும் இடத்தில் மட்டும் பக்கத்தில் அடைப்புக்குறி: ஆத்துக்கறை [கரை]. குறிகளை விரித்து எழுதலாம், ஆனால் அவர் வார்த்தையிலேயே: ௵ வருஷம், ௴ மாசம், ௸ மேற்படி. உறவுப் பெயர்களுக்குக் கடைசியில் ஒரு பக்கம் போதும்.

இதற்கு நேரம் பிடிக்கும். குறுக்கு வழி தேடி நானே மாட்டிக்கொண்டேன். கௌரி அத்தையின் பெயரை டைப் அடித்தவர் பல இடங்களில் 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடித்திருந்தார். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. 'கெள' எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் 'கௌ' ஆக்கினேன். அத்தை சரியானார். வாய்க்காலில் பிடித்த கெளுத்தி மீன்தான், உகரம் ஒட்ட இடமில்லாமல் புள்ளி வட்டத்தோடு உடைந்து கிடந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்றினேன்.

சரிபார்க்கும்போது டைப் பிரதியைத் தம்பி மகள் வாய்விட்டுப் படிக்கிறாள், அத்தை நோட்டை வைத்துக்கொண்டு கேட்கிறார். முதலில் மாற்றிச் செய்தோம். நோட்டைப் படித்த அத்தை, எழுதியிருந்ததை விட்டுவிட்டுத் தான் பேசுகிற மாதிரியே படித்துக்கொண்டு போனார். இப்போது "அப்பாவி தான் மீட்டது" என்று அவள் படித்த மாத்திரத்தில், "யாருடி அப்பாவி? அவங்களா?" என்று அத்தை நோட்டை மூடிவிட்டுச் சிரித்தார்.