கடற்கரை ஊர் கோர்ட்டில் ஒன்றரை வருடம் ஓடிய பேட்மிண்டன் ஷூ

கீழக்கரைப் பக்கம், தகரக் கூரை போட்ட உள்ளரங்கில்தான் ஆடுகிறேன். சிமெண்ட் தரை, அதன்மேல் பச்சை பிவிசி மேட். ஷூ 3,000 ரூபாய்ச் சொச்சம், கம் ரப்பர் சோல். ஒன்றரை வருடமாக வாரத்தில் பாதி நாள் ஓடுகிறது. குஷன் பரவாயில்லை, எடை குறைவு. இந்த ஊரில் ஷூவுக்கு உண்மையான சோதனை ஈரம்தான், அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

காய்ந்த மேட்டில் கிரிப்புக்குக் குறையே இல்லை. நெட்டுக்குப் பாய்ந்து காலை ஊன்றினால் கீச்சென்று சத்தம் வரும், கால் அங்கேயே நிற்கும். அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். அது குறைந்தால் ரப்பருக்கும் மேட்டுக்கும் நடுவில் ஏதோ புகுந்துவிட்டது என்று பொருள். எங்கள் ஊரில் அது மூன்றில் ஒன்று: வியர்வை, மண், காற்றின் ஈரம்.

வியர்வை சொட்டுச் சொட்டாக விழும். சர்வீஸ் போடும் இடம், ஸ்மாஷுக்குப் பின் மூச்சு வாங்க நிற்கும் இடம் என்று அங்கங்கே மட்டும் வழுக்கும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் தீர்ந்தது. ஈர மாப்பை இழுத்தால் சொட்டு படலமாகப் பரவி இன்னும் மோசமாகும். மண் வேறு மாதிரி. சோலை உள்ளங்கையால் தடவினால் மாவு போலக் கையில் வரும். ஈரத்துணியால் சோலைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் துடைத்தால் பழைய பிடிப்பு திரும்பிவிடும். வாசலுக்கு வெளியே இந்த ஷூவைப் போடாமல் இருந்தால் பாதித் தொல்லை இல்லை.

மூன்றாவதுதான் ஆபத்து. மழைக்காலத்தில் இரவு குளிர்ந்த சிமெண்ட் தரை காலையில் சூடேறுவதற்குள் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வந்தால், தரையே வேர்த்துவிடும். யாரும் கால் வைக்காத மூலையில் விரலால் இழுத்துப் பாருங்கள். அங்கேயும் கோடு விழுந்தால் அது வியர்வை இல்லை. துடைத்தால் சற்று நேரத்தில் மறுபடியும் ஊறும். கதவைத் திறந்து வைத்தால் காய்ந்துவிடும் என்று நினைப்போம். அந்த நேரத்தில் அது இன்னும் ஈரத்தைத்தான் உள்ளே கூப்பிடும். கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், அன்றைக்கு நெட்டே கட்டமாட்டார். "தரை சூடேறட்டும் தம்பி, ஷூவை நம்பி இறங்காதே" என்பார். எந்த விலை ஷூவும் அந்தத் தரையில் வழுக்கத்தான் செய்யும்.

அடுத்து கணுக்கால். கழுத்து உயர்ந்த ஷூ வாங்கினால்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பேட்மிண்டன் ஷூ பெரும்பாலும் தாழ்ந்த கழுத்துடையது. அதன் பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது: பாதம் தரைக்கு நெருக்கமாக இருப்பது, சுண்டுவிரல் பக்கம் சோல் அகலமாக விரிந்திருப்பது, குதிகாலைப் பிடிக்கும் கிண்ணம் விறைப்பாக இருப்பது. கடையில் அந்தக் கிண்ணத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், எளிதில் மடங்கினால் வேண்டாம்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி தடித்த குதிகால் உள்ள ஓட்டப் பயிற்சி ஷூவில் ஆடிக்கொண்டிருந்தான். பேக்ஹேண்ட் மூலைக்கு எகிறி, தலைக்கு மேலாக அடித்துவிட்டு இடது காலில் இறங்கினான். உடம்பு இன்னும் இடது பக்கமே போனது, ஷூவின் வெளி விளிம்போ மேட்டில் அப்படியே பிடித்துக்கொண்டது. கணுக்கால் வெளிப்பக்கமாகப் புரண்டு வீங்கிவிட்டது. தரை நன்றாகக் காய்ந்திருந்த நாள் அது. வழுக்கினால் மட்டும்தான் கால் பிசகும் என்றில்லை. பிடிப்பு நன்றாக இருந்து உயரமும் கூடினால் அதுவும் புரட்டும். இப்போது கயிறு கட்டும் கணுக்கால் பிரேஸோடு ஆடுகிறான். பிரேஸ் போடுபவர்கள் அதை மாட்டிக்கொண்டே ஷூ அளவு பாருங்கள், இல்லையென்றால் இறுக்கும்.

என் ஷூவில் தேய்ந்தது எங்கே என்றால், இடது ஷூவின் பெருவிரல் உள்பக்கம். வலது கைக்காரர்கள் பாயும்போது பின்னால் இருக்கும் இடது காலை இழுப்பார்கள், அங்கே ரப்பர் கரைந்துவிடும். வலது ஷூவில் முன்பாதத்துக்குக் கீழே இருந்த தேன்கூடு வடிவம் மழுங்கிவிட்டது. சோலைத் துடைத்த பிறகும் கீச் சத்தம் பழையபடி வரவில்லை என்பதால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நுனியில் பசை லேசாக விட்டிருக்கிறது. வியர்வையில் நனைந்ததை வெயிலில் காயவைத்தால் பசை சீக்கிரம் விடும். உள் அட்டையை எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக்கு நேராக வைத்தால் போதும். பைக் பெட்டிக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள். அடுத்தும் இதே ரக கம் ரப்பர் சோல்தான் வாங்கப்போகிறேன், விரல் பக்கம் கூடுதல் ரப்பர் ஏறியிருக்கும் மாடலாகப் பார்த்து.