800-ஆ 2600-ஆ: ஒரே ஏலத்தில் முப்பது மடங்கு விலை வித்தியாசம் ஏன்?

அலைக்கற்றை ஏலம் என்றாலே மொத்தத் தொகையைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எந்த பேண்டுக்கு, அதாவது எந்த அதிர்வெண் வரிசைக்கு, எவ்வளவு போனது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அதற்கு எனக்குத் தெரிந்து நல்ல உதாரணம் 2010-இல் ஜெர்மனி நடத்திய ஏலம். ஏப்ரல் 12 முதல் மே 20 வரை, மைன்ஸ் நகரில், நான்கு ஆபரேட்டர்கள் 224 சுற்றுகள் மோதினார்கள். மொத்த வசூல் சுமார் 438 கோடி யூரோ. அதில் 800 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் இருந்தது வெறும் 60 மெகாஹெர்ட்ஸ். அது மட்டுமே கிட்டத்தட்ட 358 கோடிக்குப் போனது. 2600 பேண்டில் 190 மெகாஹெர்ட்ஸ் கிடந்தது, மூன்று மடங்குக்கும் மேல், ஆனால் மொத்தமாக 34 கோடிதான். ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு என்று கணக்குப் போட்டால் கீழ் பேண்ட் சுமார் 6 கோடி யூரோ, மேல் பேண்ட் 18 லட்சம். முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்!

முதல் காரணம் இடப் பற்றாக்குறை. 800 பேண்ட் என்பது டிவி ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறியதால் காலியான இடம். டவரிலிருந்து போனுக்கு 791 முதல் 821 வரை, போனிலிருந்து டவருக்கு 832 முதல் 862 வரை. ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கத்தைக் கெடுக்காமலிருக்க நடுவில் 11 மெகாஹெர்ட்ஸ் சும்மா விட்டாக வேண்டும். ஆக ஒவ்வொரு பக்கமும் 30. அதை ஐந்து ஐந்தாக வெட்டினால் ஆறு ஜோடித் துண்டுகள். 4ஜி ஓரளவு உருப்படியாக ஓட ஒரு பக்கத்துக்கு 10 வேண்டும், அதாவது இரண்டு துண்டு. ஆறை இரண்டால் வகுத்தால் மூன்று, ஏலத்தில் நிற்பதோ நான்கு பேர். இந்த எளிய வகுத்தல்தான் விலையை அந்த உயரத்துக்குத் தள்ளியது. டாய்ச்ச டெலிகாம், வோடஃபோன், ஓ2 மூவரும் ஆளுக்கு இரண்டு ஜோடி எடுத்தார்கள், ஒவ்வொருவரும் ஏறத்தாழ 120 கோடி யூரோ கொடுத்து. நான்காவதான இ-பிளஸ் 800-இல் ஒரு துண்டும் வாங்காமல், மேல் பேண்டுகளில் மட்டும் வாங்கி 28 கோடி சொச்சத்தில் முடித்துக்கொண்டது.

சரி, இ-பிளஸ் செய்தது கஞ்சத்தனமா கெட்டிக்காரத்தனமா? அதற்குச் சிக்னல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

அதிர்வெண் கூடக் கூட அலைநீளம் குறையும், போனுக்குள் இருக்கும் ஆன்டெனாவும் அதற்கேற்ப சின்னதாகி, காற்றில் வரும் சக்தியில் குறைவாகத்தான் பிடிக்கும். 800-க்கும் 2600-க்கும் இடையே இதனால் மட்டும் பத்து டெசிபெல் இழப்பு, அதாவது சக்தி பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் சுவரும் மரமும் மேல் பேண்டை இன்னும் அதிகமாகத் தின்னும். மேட்டையும் கட்டடத்தையும் வளைந்து தாண்டுவதிலும் அது மோசம். டவர் பக்கம் பெரிய ஆன்டெனா வைத்துக் கொஞ்சம் சரிக்கட்டலாம் என்பதும் உண்மைதான், ஆனால் போன் அனுப்பும் சக்தி சுமார் 0.2 வாட்தான், அதை யாரும் கூட்ட முடியாது. எல்லையில் நிற்கும் போனுக்கு டவரின் குரல் கேட்கும், போனின் குரல் டவருக்குக் கேட்காது. திரையில் ஓரிரு கோடு இருந்தும் வீடியோ ஓடுவதும், அதே இடத்தில் ஒரு படத்தை அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

சுவர்க் கணக்கை விட்டுவிட்டு அந்தப் பத்து டெசிபெலை மட்டும் எடுத்துக்கொண்டாலே, தரைமட்டச் சூழலில் எட்டும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 800-இல் ஒரு டவர் 6 கிலோமீட்டர் எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம், 2600-இல் 3. பரப்பளவில் அது 113 சதுர கிலோமீட்டருக்கு எதிராக 28. ஜெர்மனியின் பரப்பு சுமார் 3.57 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆக முழு நாட்டையும் மூட முதல் வழியில் 3,200 டவர், இரண்டாவது வழியில் 12,700. கூடுதலாக 9,500 டவர். 120 கோடியை இதால் வகுத்தால் டவருக்கு 1.26 லட்சம் யூரோ வருகிறது. ஒரு புது டவருக்கு இடம், கம்பம், கேபிள், மின்சாரம், பல வருட வாடகை எல்லாம் சேர்த்து அதற்கு மேல் செலவாகும் என்றால் 800 வாங்கியவருக்கு லாபம், இல்லையென்றால் இ-பிளஸுக்கு லாபம். தோராயக் கணக்குதான், வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக்கூட நான் சேர்க்கவில்லை. ஆனால் அந்த நிறுவனங்களின் கணக்குப் பிள்ளைகள் போட்டிருக்கக்கூடிய கணக்கின் எலும்புக்கூடு இதுதான். அவர்கள் விலை கொடுத்தது அலைக்கு இல்லை, கட்டாமல் தப்பிக்கும் டவர்களுக்கு.

இதில் ஒரு கொக்கி உண்டு. 800 வாங்கியவர்கள் இஷ்டப்படி நகரங்களில் ஆரம்பிக்க முடியாது என்று ஒழுங்குமுறை ஆணையம் நிபந்தனை போட்டிருந்தது. இணைய வசதி சரியாக இல்லாத ஊர்களில் முதலில் 5,000 பேருக்குக் குறைவானவை, பிறகு 20,000 வரை, பிறகு 50,000 வரை. ஒவ்வொரு படியிலும் 90 சதவீதம் முடித்தால்தான் அடுத்த படி. விலை பேசும்போது இந்தச் சுமையும் உள்ளே இருக்கிறது.

அப்படியானால் எப்போதும் கீழ் பேண்டே மேலா? இல்லவே இல்லை. பத்து பத்து மெகாஹெர்ட்ஸ் ஜோடியில் 4ஜி ஆரம்பக்கால உபகரணங்களோடு தந்தது உச்சமாக 75 மெகாபிட், அதுவும் ஒரு டவரின் வட்டத்தில் அதே அலையைப் பிடிக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து. ஆறு கிலோமீட்டர் வட்டத்தில் கிராமம் இருந்தால் போதும். அதே வட்டத்தில் நகரம் இருந்தால் மாலை எட்டு மணிக்கு எல்லோரும் முடங்குவார்கள். நகரத்தில் கூட்டத்தைத் தாங்கவே டவர்கள் ஏற்கெனவே நெருக்கமாக நிற்கின்றன, அங்கே 3 கிலோமீட்டர் எட்டுகிறதா என்ற கேள்வியே எழாது, எத்தனை மெகாஹெர்ட்ஸ் அகலம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்த இடத்தில் 18 லட்சத்துக்குக் கிடைத்த மெகாஹெர்ட்ஸ் கொள்ளை மலிவு. என் பார்வையில் நகரத்து வாடிக்கையாளர்களை மட்டும் நம்பும் நிறுவனத்துக்கு இ-பிளஸ் எடுத்த முடிவு தப்பில்லை. நாடு முழுக்க விற்க நினைத்தால்தான் 800 இல்லாதது வலிக்கும், குறிப்பாக வீட்டுக்குள்ளே. அப்புறம் 2014-இல் இ-பிளஸ், ஓ2-வின் தாய் நிறுவனமான டெலிஃபோனிகாவோடு இணைந்தது தனிக் கதை. அதற்கு இந்த ஒரு ஏலத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

இரண்டும் இருப்பவர்கள் எப்படிப் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள் என்பதை உங்கள் போனிலேயே பார்க்கலாம். நெட்வொர்க் விவரம் காட்டும் செயலி ஒன்றில் பேண்ட் எண் வரும்: B20 என்றால் 800, B7 என்றால் 2600. ஜன்னலோரம் B7-இல் நிற்கும் போன், உள்ளறைக்குப் போனதும் B20-க்கு இறங்கினால் டவர் சரியாகத்தான் வேலை செய்கிறது. உள்ளறையில் B7-ஐயே பிடித்துக்கொண்டு சிக்னலின் வலுவைக் காட்டும் RSRP என்ற எண் -115-க்கும் கீழே போகிறது, கீழ் பேண்டுக்கு மாறவே இல்லை என்றால், அந்த ஆபரேட்டருக்கு அங்கே கீழ் பேண்ட் இல்லை, அல்லது இருந்தும் அந்த டவரில் போடவில்லை, அல்லது உங்கள் போன் அந்த பேண்டை ஆதரிக்கவில்லை. மூன்றாவதை முதலில் பாருங்கள், போனின் விவரக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.