பாஸ்போர்ட் போட்டோவில் கோட் ஒட்டித் தருகிறார்களா? வாங்காதீர்கள்

பாஸ்போர்ட், விசா, அடையாள அட்டை எதற்குப் போட்டோ எடுத்தாலும் சரி, "டிரஸ் மட்டும் மாத்தித் தரேன்" என்று ஸ்டுடியோவில் சொன்னால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிலர் சொல்லாமலேயே மாற்றிவிடுவார்கள். எனக்கு நடந்தது அதுதான். வட்டக்கழுத்து டிஷர்ட்டோடு போய் உட்கார்ந்தேன். பிரிண்ட் கைக்கு வந்தபோது கருநீலக் கோட், வெள்ளைச் சட்டை, டை சகிதம் இருந்தேன். கேட்டால், "காலர் இல்லாம போனா ரிஜெக்ட் ஆயிடும் சார், அதான் நானே போட்டு விட்டேன்" என்கிறார். அதற்கு எடிட்டிங் சார்ஜ் என்று தனியாகப் பில்லில் ஏற்றியும் இருந்தார்.

குறை சொல்ல முடியாத வேலை. கோட் தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது, வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் படம் விசா விண்ணப்பத்தோடு போனது, விண்ணப்பம் திரும்பி வந்தது. புகைப்படம் மென்பொருளால் மாற்றப்பட்டிருக்கிறது, மாற்றம் செய்யாத புதிய படம் வேண்டும் என்பதுதான் காரணம். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வெளிச்சம் சரியில்லையோ, பின்னணி சரியில்லையோ என்று நினைத்து அதே படத்தை இன்னும் கொஞ்சம் திருத்தி மறுபடி அனுப்புவார்கள். அதுவும் திரும்பி வரும்.

ஸ்டுடியோக்காரரிடம் போய்க் கேட்டபோது, "முகத்தை நான் தொடவே இல்லை சார், கழுத்துக்குக் கீழதானே மாத்தினேன்" என்று அடித்துச் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் பயன்படுத்திய செயலி என்ன செய்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

கேமராவில் இருந்த அசல் கோப்பைக் கேட்டு வாங்கி, கோட் போட்ட படத்தையும் அதையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒரு எடிட்டிங் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, லேயரை Difference என்ற முறைக்கு மாற்றினேன். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும், வேறுபடும் இடம் வெளிச்சமாகத் தெரியும். உடை மட்டும் மாறியிருந்தால் முகம் ஏறக்குறைய முழுக் கறுப்பாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இமைக்கோடு, மூக்கின் ஓரம், உதட்டுக்கோடு, தாடை எல்லாம் கோடு கோடாக மின்னின. பெரிதாக்கிப் பார்த்தால் தாடைக்கு அடியில் இருந்த சின்ன மச்சத்தைக் காணோம், கன்னத்தில் தோலின் நுண்துளைகளும் மழுங்கியிருந்தன.

காரணம் இதுதான். இப்போது பரவலாக இருக்கும் ஏஐ உடை மாற்றும் செயலிகள் பலவும் கோட்டை மட்டும் வெட்டி ஒட்டுவதில்லை. படம் முழுவதையும் சுருக்கி, உள்ளே வேறொரு வடிவத்துக்கு மாற்றி, அதிலிருந்து மறுபடி முழுப் படத்தையும் வரைந்து வெளியே தள்ளுகின்றன. அசல் முகத்தைத் திரும்ப எடுத்து மேலே பொருத்தாவிட்டால், நாம் பார்ப்பது நம்மைப் போலவே வரையப்பட்ட ஒரு முகம். கண்ணுக்கு அதே ஆள்தான், ஆனால் புள்ளிகள் வேறு.

சரி, பழைய முறையில் கையால் வெட்டி ஒட்டினால் தப்பிக்கலாமா? அதிலும் தடயம் மிஞ்சும். கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் நுண்ணிய மணல் போன்ற இரைச்சல் இருக்கும். வேறொரு படத்திலிருந்து வந்த கோட்டில் அந்த மணல் வேறு மாதிரி இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஜேபெக் படம் 8×8 புள்ளிக் கட்டங்களாகச் சுருக்கப்படுவதால், ஒட்டிய பகுதியின் கட்டங்கள் மற்றதோடு பொருந்தாமல் போவதும் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத இதையெல்லாம் மென்பொருள் தேடிப் பிடிக்கும். கண்ணால் பிடிக்கக்கூடியவையும் இருக்கின்றன. என் படத்தில் மூக்கின் நிழல் இடப்பக்கம் விழுந்திருக்க, கோட்டின் மடிப்பு நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தது. தாடை காலர் மேல் போட்டிருக்க வேண்டிய நிழலே இல்லை. நீளமான முடி உள்ளவர்கள் படத்தில் தோள்மேல் விழும் முடி காலருக்கு மேலேயே கத்தரித்தாற்போல நின்றுவிடும்.

இத்தனையும் எவ்வளவு இடத்துக்காக என்று பாருங்கள். பல நாடுகளில் பாஸ்போர்ட் படம் 35×45 மில்லிமீட்டர். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் வழிகாட்டுதலை ஒட்டி, முகம் உயரத்தில் 70 முதல் 80 சதவீதத்தை நிரப்ப வேண்டும். தலைக்கு மேல் விடும் இடைவெளியைக் கழித்தால் கழுத்துக்கும் உடைக்கும் சேர்த்து ஒரு சென்டிமீட்டர்கூட மிஞ்சாது. அந்தப் பட்டைக்காகத்தான் கோட்டும் டையும்.

அது யாரும் கேட்காத கோட் என்பதுதான் என் ஆத்திரம். பொதுவாக விதிகள் கேட்பது அன்றாட உடைதான். சீருடை கூடாது, முகம் மறையக் கூடாது என்கிற மாதிரிதான் கட்டுப்பாடுகள் இருக்கும். டிஷர்ட் போட்டதற்காகப் பொதுவாக யாரும் திருப்பி அனுப்புவதில்லை. மாறாக, படத்தை மென்பொருளால் மாற்றக் கூடாது என்று பிரிட்டன் தெளிவாகவே சொல்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை செயலி, ஃபில்டர், ஏஐ எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது.

கோட்டில் என்ன ஆபத்து என்று தோன்றலாம். மார்ஃபிங் என்று ஒரு மோசடி இருக்கிறது. இரண்டு பேர் முகத்தைக் கலந்து ஒரே படமாக்கினால், முகத்தை ஒப்பிடும் கருவி அந்த இருவரையுமே ஏற்றுக்கொள்ளக்கூடும் என்று 2014-இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஒரே பாஸ்போர்ட்டில் இரண்டு பேர் பயணிக்கலாம். அதைத் தடுக்கத்தான் ஜெர்மனி 2025 மே 1 முதல், விண்ணப்பதாரர் கையில் கொண்டுவரும் காகிதப் படத்தை விட்டுவிட்டு, அலுவலகத்திலேயே எடுத்த படம் அல்லது ஸ்டுடியோவிலிருந்து பாதுகாப்பாக நேரடியாக வரும் டிஜிட்டல் படம் என்ற முறைக்கு மாறியது. பரிசோதிப்பவர் கையில் இருப்பது மாற்றிய படம் மட்டும்தான், அசல் இல்லை. திருத்தத்தின் தடயம் தெரிந்தபின், கை கோட்டோடு நின்றதா முகம்வரை போனதா என்று அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால் படத்தையே தள்ளிவிடுகிறார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

இனி ஸ்டுடியோவுக்குப் போனால், படம் எடுப்பதற்கு முன்பே "அளவுக்கு வெட்டினால் போதும், உடை, தோல், முடி எதையும் தொடாதீங்க" என்று சொல்லுங்கள். பிரிண்டோடு கேமராவிலிருந்து வந்த கோப்பையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். உடையில் பார்க்க வேண்டியது நிறம் ஒன்றைத்தான். வெள்ளைப் பின்னணியில் வெள்ளைச் சட்டை போட்டால் தோள் கரைந்து போகும், அதைச் சாக்காக வைத்தும் கோட் ஒட்டுகிறார்கள். அடர் நிறத்தில் ஏதாவது போட்டுப் போனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஏற்கெனவே கோட் ஒட்டிய படம் கையில் இருந்தால் அதைத் திரும்ப டிஷர்ட்டாக மாற்றித் தரச் சொல்லாதீர்கள், அது இரண்டாவது திருத்தம். அசல் கோப்பு கிடைத்து, அது எடுத்து ஆறு மாதத்துக்குள் என்றால் பெரும்பாலும் அதையே வெட்டிப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் புதிதாக எடுப்பதுதான் வழி. என் ஸ்டுடியோக்காரர் எடிட்டிங் சார்ஜை மட்டும் திருப்பித் தந்தார். மறுபடி கட்ட வேண்டியிருந்த விண்ணப்பக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அது உங்களுக்கும் ஆபீசுக்கும் உள்ள விஷயம் சார்" என்று முடித்துக்கொண்டார்.