மூன்று நாள் பேட்ச், ஏழு நாள் பேட்ச்: வீட்டில் எதைச் சமாளிப்பது எளிது?

புற்றுநோய் வலிக்கு மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்குத் தோலில் ஒட்டும் பேட்ச் எழுதித் தருகிறார்கள். பெரும்பாலும் ஃபென்டனில், இல்லாவிட்டால் புப்ரெனார்ஃபின். எது என்று முடிவு செய்வது மருத்துவர்தான். வலி கடுமையாக இருந்து, உடல் ஏற்கெனவே மார்ஃபின் வகை மருந்துகளுக்குப் பழகியிருந்தால்தான் ஃபென்டனில் கொடுப்பார்கள். பார்த்துக்கொள்பவருக்கு இரண்டும் வெவ்வேறு வேலை.

ஃபென்டனிலை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். திங்கள் காலை எட்டு மணிக்கு ஒட்டினால் அடுத்தது வியாழன் எட்டு மணி, அதற்கடுத்தது ஞாயிறு. கிழமை நகர்ந்துகொண்டே போவதால் பேட்ச் மேலேயே தேதியையும் நேரத்தையும் எழுதிவிடுவது நல்லது. புப்ரெனார்ஃபின் பேட்ச் பெரும்பாலும் ஏழு நாளுக்கு ஒன்று; ஞாயிறு என்றால் எப்போதும் ஞாயிறுதான். வயதானவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இதுவே எளிது என்பேன்.

ஆனால் இடம் மாற்றுவதில் ஏழு நாள் பேட்ச்தான் கறார். ஒட்டிய இடத்தில் மூன்று வாரத்துக்கு மறுபடி ஒட்டக் கூடாது. மேல்கை, மேல்மார்பு, மேல்முதுகு, விலாப்பக்கம் என இரு பக்கமும் சேர்த்து எட்டு இடங்கள். வலம், இடம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போகலாம். ஃபென்டனிலுக்குச் சில நாள் இடைவெளி போதும். இரண்டுக்குமே சோப்பு, எண்ணெய், ஷேவிங் வேண்டாம். முடியைக் கத்தரித்து, வெறும் தண்ணீரில் துடைத்து, ஈரம் காய்ந்தபின் ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்துங்கள்.

சூட்டில் இரண்டும் ஆபத்துதான், ஃபென்டனில் கூடுதல் ஆபத்து. முதுகு வலிக்கிறதே என்று பாசத்தோடு வெந்நீர்ப் பையை வைக்கிறோம். பேட்ச் அங்கேயே இருந்தால் சூட்டில் தோலின் ரத்தவோட்டம் கூடி, மூன்று நாளுக்கான மருந்து வேகமாக உள்ளே இறங்கும். 40 டிகிரி காய்ச்சலே ரத்தத்தில் மருந்தளவை மூன்றில் ஒரு பங்கு உயர்த்தக்கூடும் என்று மருந்துக் குறிப்பு எச்சரிக்கிறது. எழுப்பினாலும் எழாத தூக்கம், வழக்கத்துக்கு மாறான குறட்டை, மெதுவாகும் மூச்சு, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி தெரிந்தால் பேட்ச்சை உரித்துவிட்டு 108ஐ அழையுங்கள். உரித்துவிட்டோமே என்று நிம்மதியாக உட்காராதீர்கள்: தோலுக்கடியில் சேர்ந்த மருந்து பாதி குறையவே 20 மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும்.

மாதவிடாய் நின்றபின் போடும் எஸ்ட்ரடையால் ஹார்மோன் பேட்ச் இவ்வளவு பயமுறுத்தாது. அடிவயிற்றிலோ பிட்டத்திலோ ஒட்ட வேண்டும், மார்பகத்தில் கூடாது. ஒரே இடத்துக்கு ஒரு வாரம் இடைவெளி கொடுங்கள். கழற்றியதை மடித்துக் குப்பையில் போடலாம்.

வலி பேட்ச் அப்படியல்ல. மூன்று நாள் ஒட்டிய பிறகும் அதில் குழந்தையின் உயிரைப் பறிக்குமளவு மருந்து மிஞ்சியிருக்கும். கழற்றியவுடன் பசைப் பக்கம் உள்ளே வர மடித்து அழுத்தி ஒட்டுங்கள். மருத்துவமனை திருப்பிக் கேட்டால் எண்ணிக் கொடுத்துவிடுங்கள். கேட்காவிட்டால் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும் என்பதே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அறிவுரை. பிறகு கையைத் தண்ணீரில் கழுவுங்கள்.