பம்ப் மோட்டாரை எட்டாம் பின்னில் நேராக மாட்டச் சொல்லும் கிட்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சி நெருங்கும் நேரத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சில கடைகளில் ‘தானியங்கி வாழைத்தோட்ட நீர்ப்பாசனம்’ என்று ஒரு கிட் விற்கிறார்கள். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கிட்டை அடையாளம் கண்டுகொள்ள, பெட்டிக்குள் இருப்பதைச் சொன்னாலே போதும்: ஆர்டுயினோ ஊனோ மாதிரி ஒரு போர்டு, மண் ஈரம் பார்க்கும் சென்சார், தண்ணீரில் மூழ்கும் சின்ன பம்ப், கறுப்பு வட்ட பஸ்ஸர், ஜம்பர் வயர்கள், கூடவே ஒரு படத்தாள். அந்தப் படத்தாளில் பம்பின் சிவப்பு வயர் 8-ஆம் பின்னுக்கும் கறுப்பு வயர் GND-க்கும் போகிறது. பஸ்ஸர் 9-ஆம் பின்னில். டிரான்சிஸ்டர், டையோடு, ரிலே எதுவும் பெட்டியில் கிடையாது.

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் பிள்ளைக்காக இதை வாங்கினார். படத்தில் உள்ளபடியே மாட்டினார்கள், பம்ப் ஓடவில்லை. கடைக்குக் கொண்டுபோனால், “பிள்ள வயர மாத்திக் குடுத்திருக்கும் அண்ணே, போர்டு போச்சு. வேற ஒண்ணு எடுத்துக்கிடுங்க” என்று இன்னொரு போர்டை விற்றிருக்கிறார்கள். அதையும் அதே படத்தின்படி மாட்டினார்கள், அதுவும் போனது. இரண்டு போர்டுகளும் எங்கள் மேசைக்கு வந்தன. பிள்ளை ஒரு வயரையும் மாற்றிக் கொடுக்கவில்லை. தப்பு படத்தில்தான் இருக்கிறது.

ஊனோவில் இருக்கும் சிப் ATmega328P. அதன் டேட்டாஷீட்டில் ஒரு பின்னுக்கு உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியர் என்று இருக்கிறது. பலர் இதை ‘40 வரை எடுக்கலாம்’ என்று படிக்கிறார்கள். அந்த எண் இருப்பது, தாண்டினால் சிப் நிரந்தரமாகக் கெடலாம் என்று சொல்லும் அட்டவணையில். பின்னின் வோல்டேஜுக்கு உத்தரவாதம் தரும் அட்டவணையில் இருப்பது 20 மில்லி ஆம்பியர். அங்கேயே 5 வோல்ட் சப்ளையில் பின் 4.2 வோல்ட் வரை இறங்கலாம் என்றும் போட்டிருக்கிறது. ஆகவே தினமும் ஓடுகிற வேலைக்கு 20-தான் கணக்கு. எல்லாப் பின்களும் சேர்ந்து சிப்பின் சப்ளைக் கால் வழியாக எடுப்பது 200 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்பது தனி வரம்பு.

பம்பை மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தோம். பிரஷ் மோட்டாரில் இந்த அளவு, சுழலி நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். அதனால் இறக்கையை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வருவதில் குறைந்த அளவை எடுக்க வேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளையும் தொட்டு வைத்தால் வரும் அளவைக் கழித்துவிட வேண்டும். அப்படி வந்தது 8 ஓம். சுற்றத் தொடங்கும் கணத்தில் மோட்டார் வெறும் கம்பிச் சுருள்தான். 5 வோல்ட்டை 8 ஓமால் வகுத்தால் 625 மில்லி ஆம்பியர். சுற்ற ஆரம்பித்த பிறகு இது குறையும். 8-ஆம் பின் அந்தத் தொடக்கக் கரண்டையே கொடுக்காது.

காரணம், பின்னுக்குப் பின்னால் இருக்கும் குட்டி டிரான்சிஸ்டருக்கும் ஒரு உள் தடை உண்டு. டேட்டாஷீட்டின் மோசமான கணக்கில் அது 40 ஓம் (0.8 வோல்ட்டை 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால்). 30 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். பம்பும் பின்னும் தொடராக நிற்கின்றன:

```
I      = 5 / (30 + 8) = 0.13 A
V_pump = 0.13 * 8     = 1.04 V
P_pin  = 0.13^2 * 30  = 0.5 W
```

பம்புக்குக் கிடைப்பது ஒரு வோல்ட், தண்ணீரைத் தள்ள அது போதாது. நிற்கிற மோட்டார் வேகம் பிடிக்காததால் கரண்ட் குறைவதும் இல்லை. மீதி நாலு வோல்ட் சிப்புக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஓர் இடத்தில் அரை வாட் சூடாக இறங்குகிறது. இவ்வளவு கரண்டில் அந்த டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்து கொடுக்காது, ஆகவே நிஜ கரண்ட் கணக்கை விடச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனாலும் 40-ஐத் தாண்டித்தான் நிற்கும். பம்ப் ஓடாததும் போர்டு போனதும் ஒரே காரணத்தால்தான்.

கடையில் ஓடியதே என்று கேட்பீர்கள். கடையில் காட்டும்போது சிவப்பு வயரை, போர்டில் `5V` என்று எழுதியிருக்கும் துளையில் செருகிக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் துளைக்கு வருவது யூஎஸ்பியிலிருந்து நேராக வரும் கரண்ட், அது சிப் வழியாக வருவதே இல்லை. எண் போட்ட துளைகள் சிப்பின் கால்கள். இரண்டிலும் மீட்டர் 5 வோல்ட் என்றே காட்டும், அதனால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. விற்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே இப்படிக் காட்டி விற்றால் அது ஏமாற்றுதான் என்பது எங்கள் கருத்து.

பஸ்ஸர் கதை இன்னும் மோசம். வெளியே பார்த்தால் எல்லாக் கறுப்பு பஸ்ஸரும் ஒன்றுபோலவே இருக்கும். இந்தக் கிட்டில் இருந்ததில் மீட்டர் 16 ஓம் காட்டியது, அதாவது உள்ளே வெறும் கம்பிச் சுருள், தானாக ஒலி எழுப்பும் சர்க்யூட் இல்லை. இதற்கு `tone()` கொடுத்தால்தான் சத்தம் வரும். கிட்டோடு வந்த நிரலில் இருப்பதோ `digitalWrite(9, HIGH)`. அதனால் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், அப்புறம் அமைதி. அந்த அமைதியிலும் 100 மில்லி ஆம்பியரை ஒட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. சத்தம் வரவில்லையே என்று பிள்ளை மாற்றி மாற்றிப் பார்க்கும் நேரம் முழுவதும் பின் வேகிறது. தானே ஒலிக்கும் 5 வோல்ட் பஸ்ஸராக இருந்தால் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் அளவு எடுக்கும். உடனே எரியாது, ஆனால் 20 வரம்புக்கு மேல்தான் ஓடும். பின்னில் நேராக மாட்டத் தகுந்தது பீசோ தகடு ஒன்றுதான். மீட்டரில் ஓம் எதுவும் காட்டாது, எடுப்பது மிகக் குறைவு. அதற்கும் 220 ஓம் ஒன்றைத் தொடரில் போடுவது நல்லது.

போர்டு போய்விட்டதா என்று பார்ப்பது எளிது. எதையும் மாட்டாமல் 8-ஆம் பின்னை HIGH ஆக்கி அளந்தால், கெட்ட பின்னும் பல நேரம் 5 வோல்ட் காட்டும். ஆகவே பின்னுக்கும் GND-க்கும் நடுவில் 330 ஓம் போட்டு அளக்க வேண்டும்.

```
void setup() {
  pinMode(8, OUTPUT);
  digitalWrite(8, HIGH);
}
void loop() {}
```

நல்ல பின்னில் நாலரை வோல்ட்டுக்கு மேல் நிற்கும். முதல் போர்டில் 2 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தது. HIGH-ஐ LOW ஆக்கி, அதே 330 ஓமைப் பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் மாற்றி வைத்தும் பார்க்க வேண்டும். மேலே இழுக்க ஒரு டிரான்சிஸ்டர், கீழே இழுக்க இன்னொன்று இருப்பதால் ஒன்று செத்து மற்றது பிழைத்திருக்கலாம். முதல் போர்டில் அப்படித்தான், LOW சரியாக இருந்தது. இரண்டாவது போர்டு வேறு மாதிரி. ஒன்றும் மாட்டாமலே சிப் விரல் வைக்க முடியாத சூடு. கணினியில் போர்ட் தெரிகிறது, ஆனால் நிரல் ஏற்றினால் `stk500_getsync()` என்று தொடங்கி `not in sync` என்ற பிழை வருகிறது. யூஎஸ்பிக்கு இருக்கும் தனிச் சிப் உயிரோடு இருக்கிறது, முக்கியச் சிப் போய்விட்டது என்று அர்த்தம்.

சரியாகச் செய்ய வேண்டியது, பின் ஒரு சுவிட்சை மட்டும் திறந்து மூடுவது. பம்பின் கரண்ட் பேட்டரியிலிருந்து வர வேண்டும். இந்த பம்புக்கு BC547 வேண்டாம், அது 100 மில்லி ஆம்பியர் வரைதான் தாங்கும். IRLZ44N என்ற மாஸ்ஃபெட் போடுங்கள். கடையில் கேட்கும்போது நடுவில் இருக்கும் L-ஐக் கவனியுங்கள். IRFZ44N என்று எடுத்துக் கொடுப்பார்கள், பார்க்க ஒரே உருவம். ஆனால் அது முழுக்கத் திறப்பதற்கு 10 வோல்ட் கணக்கு, 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சூடேறலாம்.

எழுத்து நம்மைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். 8-ஆம் பின்னிலிருந்து 220 ஓம் வழியாகக் கேட்டுக்கு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் 10 கிலோ ஓம். இதை விட்டுவிட்டால் போர்டு ரீசெட் ஆகும் நேரத்தில் கேட் அந்தரத்தில் நின்று பம்ப் தானாக ஓடும். நாலு பென்டார்ச் செல், அதாவது 6 வோல்ட், அதன் பிளஸ் பம்பின் சிவப்புக்கு. பம்பின் கறுப்பு டிரெயினுக்கு. சோர்ஸிலிருந்து பேட்டரி மைனஸுக்கு ஒரு வயர், போர்டின் GND-க்கு ஒரு வயர். இந்த இரண்டாவது வயரைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள். அது இல்லாவிட்டால் கேட்டுக்குப் போகும் 5 வோல்ட்டுக்கு அர்த்தமே இல்லை, பம்ப் அசையாது. பம்புக்குக் குறுக்கே 1N4007, வெள்ளிக்கோடு சிவப்பு வயர் பக்கம். நிறுத்தும் கணத்தில் சுருளில் மிச்சமிருக்கும் கரண்ட் அதன் வழியாகச் சுற்றித் தணியும், இல்லாவிட்டால் அந்த வோல்டேஜ் மாஸ்ஃபெட்டைத் தாக்கும். டையோடைத் திருப்பி மாட்டினால் பேட்டரி ஷார்ட் ஆகும். கோட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பஸ்ஸருக்கு BC547 போதும், ஆனால் 16 ஓம் சுருளை அப்படியே கொடுத்தால் அது 300 மில்லி ஆம்பியர் கேட்கும். 68 ஓம் ஒன்றைத் தொடரில் போட்டால் 60-க்குள் அடங்கும். தட்டைப் பக்கம் நம்மைப் பார்த்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 9-ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக பேஸுக்கு, எமிட்டர் GND-க்கு, பஸ்ஸரும் 68 ஓமும் `5V` துளைக்கும் கலெக்டருக்கும் நடுவில். பஸ்ஸருக்குக் குறுக்கே இன்னொரு 1N4007, கோடு 5 வோல்ட் பக்கம். இப்போது பின் கொடுப்பது 4.3 மில்லி ஆம்பியர் மட்டும். நிரலில் `tone(9, 2000)` என்று மாற்ற மறக்காதீர்கள்.

இதே படத்தை நோட்எம்சியு போர்டுக்கும் ஒட்டி விற்கிறார்கள். அதில் இருக்கும் ESP8266 சிப்பின் பின் வரம்பு வெறும் 12 மில்லி ஆம்பியர். அங்கே தானே ஒலிக்கும் பஸ்ஸரைக்கூட நேராக மாட்டாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு பின் மட்டும் செத்து, சிப் குளிர்ச்சியாகவே இருந்தால், நிரலில் 8-ஐ 7 என்று மாற்றி வேறு பின்னில் ஓட்டலாம். சும்மா இருக்கும்போதே சூடேறும் சிப்பை நம்ப வேண்டாம். நீளமான 28 கால் சிப் சாக்கெட்டில் செருகியிருந்தால், பூட்லோடர் ஏற்றிய ATmega328P வாங்கி, அரைவட்டப் பள்ளம் பழைய பக்கமே இருக்கும்படி மாற்றிவிடலாம். போர்டோடு ஒட்டிய சதுரச் சிப் என்றால் புதுப் போர்டுதான். அதை வாங்கும் முன் படத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: பம்பிலிருந்து வரும் வயர் எண் போட்ட துளைக்கு நேராகப் போனால், அந்தக் கிட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.